ஃப்ரன்ட்எண்டா பேக்எண்டா: ஒரு ஜீப் சீட்டை வைத்துப் பார்ப்போம்

"கோடிங் இப்போதுதான் ஆரம்பிக்கிறேன், ஊர் கம்பம். ஃப்ரன்ட்எண்ட், பேக்எண்ட் ரெண்டில் எதை முதலில் பழகுவது?"

ஃப்ரன்ட்எண்டில் தொடங்குங்கள். நம்ம ஊரிலிருந்து குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஜீப்பில் இடம் பதிய ஒரு பக்கம் செய்து பாருங்கள். பெயர் எழுதும் கட்டம், பட்டன், "இன்னும் 1 இடம்" என்று காட்டுவது எல்லாம் பிரவுசரில் ஓடும் ஃப்ரன்ட்எண்ட். தப்பு செய்தால் உடனே கண்ணெதிரே தெரியும், கம்ப்யூட்டரில் F12 அழுத்தினால் பெரும்பாலும் எந்த வரி என்றும் காட்டிவிடும்.

சரி, அந்தக் கடைசி இடத்தை ரெண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால்? ரெண்டு போனிலும் "1 இடம்" என்றுதான் இருக்கும். திரையை எவ்வளவு திருத்தினாலும் இது தீராது, சர்வர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுதான் பேக்எண்ட். இடக்கணக்கு இருக்கும் டேட்டாபேஸுக்கு சர்வர் இப்படி ஒரு SQL கட்டளை அனுப்பும்:

```
UPDATE trips SET seats = seats - 1
WHERE id = 7 AND seats > 0;
```

மாறிய வரிசைகளின் எண்ணிக்கை 1 என்றால் இடம் கிடைத்தது, 0 என்றால் போய்விட்டது. இப்படி ஒரே கட்டளையில் செய்யாமல், இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் தனியாகக் குறைத்தால் ரெண்டு பேருக்கும் அதே சீட் போய்விடலாம், நீங்கள் ஒருவராகச் சோதிக்கும்போது இந்தத் தப்பு தெரியவே தெரியாது.

இந்தச் சிக்கல் உங்களைப் பிடித்து இழுத்தால் பேக்எண்ட் பக்கம் போங்கள். பட்டன் கட்டைவிரலுக்கு எட்டவில்லையே என்பதுதான் உறுத்துகிறது என்றால் ஃப்ரன்ட்எண்டிலேயே இருங்கள்.