அக்கவுண்ட்ஸ் வேலைக்கு முதல் கவரிங் லெட்டர்

"பி.காம். முடித்துவிட்டு அக்கவுண்ட்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். என் கவரிங் லெட்டர் காப்பியடித்தது போலவே இருக்கிறது. எப்படி மாற்றுவது?"

ரெஸ்யூமேயுடன் போகும் சிறு கடிதம்தான் இது. இந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருந்துவீர்கள் என்று சொல்ல வேண்டும். 'நான் கடின உழைப்பாளி' என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், சரிபார்க்க வழியில்லை. வவுச்சர் இல்லாத பதிவு மாதிரி. அதை எடுத்துவிட்டு, உங்களுக்கு நிஜமாக நடந்த ஒன்றை இப்படி எழுதுங்கள்:

"கல்லூரி புராஜெக்டில் டிரையல் பேலன்ஸ் 360 இடித்தது. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டதால் இலக்கம் இடம் மாறியிருக்குமோ என்று தேடினேன். லெட்ஜரில் 4,730-ஐ 4,370 என்று பதிந்திருந்தேன். இப்படித் தேடிப் பிடிப்பது எனக்குப் பிடித்த வேலை."

நேர்முகத் தேர்வில் இதைக் கிளறிக் கேட்டாலும் தடுமாற மாட்டீர்கள்.

வேலை அனுபவம் இல்லாவிட்டால் எழுத ஒன்றுமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பயிற்சிக் கணக்கில் பிடித்த பிழையும் எழுதத் தகுந்ததுதான்.