பன்னிரண்டு வீடுகள், ஒரே மழை

அன்புள்ள ஐயா,

எங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள் பன்னிரண்டு பேர் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலை வெட்டி, ஸ்கேல் ஒட்டி மழைமானி செய்தார்கள். ஒரே இரவு மழைக்கு ஒரு வீட்டில் 18 மிமீ, இன்னொன்றில் 31, மற்றொன்றில் 42. எல்லா வீடுகளும் மூன்று கிலோமீட்டருக்குள்தான். எது சரி? இதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

ஓர் அறிவியல் ஆசிரியர், தாம்பரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்றுமே சரியாக இருக்கலாம், மூன்றுமே தவறாகவும் இருக்கலாம். மூன்று கிலோமீட்டருக்குள் மழை இந்த அளவு மாறக்கூடியதுதான். அமெரிக்காவில் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலையில் பெருவெள்ளம் வந்தபோது, ஊரின் ஒரு பக்கத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. மற்ற பகுதிகளில் சாதாரண மழைதான். மறு ஆண்டே அங்கே பொதுமக்கள் வீட்டில் மழை அளக்கும் வலையமைப்பு ஒன்று தொடங்கியது. நீங்கள் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இந்த வித்தியாசம் மழையில் இருக்கிறதா, பாட்டிலில் இருக்கிறதா?

ஸ்கேலைக் கழற்றிவிடுங்கள். குளிர்பான பாட்டிலின் அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருக்கும், அதனால் ஸ்கேலின் பூஜ்யம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது. பாட்டிலை வெட்டாமல் அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் புனலைச் செருகி, சேர்ந்த தண்ணீரைப் பள்ளி ஆய்வகத்து அளவு ஜாடியில் ஊற்றி மில்லிலிட்டரில் அளக்கச் சொல்லுங்கள். புனல் ஆழமானதாக இருக்கட்டும். தட்டையான புனலில் கனமழைத் துளிகள் தெறித்து வெளியே போய்விடும். இடைவெளியை எம்-சீல் வைத்து அடைக்கும்போது பாட்டில் கழுத்தில் ஊசியால் ஒரு துளை போடுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் தண்ணீர் புனலிலேயே தேங்கி நிற்கும்.

புனலின் உள்விட்டம் 11 செமீ என்றால், வாயின் பரப்பு 3.14 × 5.5 × 5.5, அதாவது ஏறத்தாழ 95 சதுர செமீ. அதன் மேல் 1 மிமீ உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் 9.5 மிலி. காலையில் 332 மிலி இருந்தால் 332 ÷ 9.5, சுமார் 35 மிமீ மழை. பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது விட்டத்தில்தான். விளிம்போடு சேர்த்து 11.5 என்று அளந்துவிட்டால் விடை 32 ஆகிவிடும். அரை சென்டிமீட்டர் பிசகுக்கு மூன்று மில்லிமீட்டர் மழை காணாமல் போகிறது.

பிறகு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் முன் பன்னிரண்டையும் பள்ளி மைதானத்தில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்று நான்கு மழைக்கு அங்கேயே இருக்கட்டும். பொதுவாக இந்தப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இது இல்லாமல் மற்ற எதுவும் நிற்காது. பதினொரு பாட்டில்கள் 30க்கும் 32க்கும் நடுவே காட்ட, ஒன்று மட்டும் 35 காட்டுகிறது என்று வையுங்கள். அடுத்த மழைகளிலும் அதே விகிதத்தில் கூடுதலாகக் காட்டினால் விட்டத்தை மறுபடி அளக்க வேண்டும். ஒரு மழையில் ஒத்துப்போய் இன்னொன்றில் குறைந்தால் ஒழுகல், தெறிப்பு, புனலில் இலை அடைப்பு என்று தேடுங்கள். சரிசெய்த பிறகும் மைதானத்தில் 2 மிமீ வித்தியாசம் மிஞ்சினால், அதே அளவு மழையில் வீடுகளுக்கு இடையே வரும் 2 மிமீ வித்தியாசத்துக்கு அர்த்தம் கிடையாது. 15 மிமீ வித்தியாசம் வந்தால் பேசலாம்.

வீட்டில் வைக்கும்போது, பக்கத்துச் சுவரோ மரமோ புனல் விளிம்பைவிட எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும். மொட்டை மாடிதான் வழி என்றால் தண்ணீர்த் தொட்டியை விட்டு விலகி, மணல் நிரப்பிய பெயின்ட் வாளிக்குள் பாட்டிலைப் புதையுங்கள். தரையில் தெறிப்பது புனலுக்குள் விழாமல் இருக்க வாளியைச் செங்கல் மேல் ஏற்றலாம். மாடியில் காற்று அதிகம் என்பதால் அளவு கொஞ்சம் குறையத்தான் செய்யும். எந்த வீடு மாடி, எந்த வீடு தரை என்று குறித்து வையுங்கள்.

வானிலை ஆய்வு மையம் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை விழுந்ததை, அளக்கும் அன்றைய தேதியில் பதிவு செய்கிறது. 8.30க்குப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள் என்றால் எல்லாரும் 7.30க்கு அளக்கட்டும், ஞாயிறு உட்பட. அந்த ஒரு மணி நேரத்தில் மழை பெய்தால், அன்றைய அளவையும் மறுநாள் அளவையும் மட்டும் மீனம்பாக்கம் வானிலை நிலைய அளவோடு ஒப்பிட வேண்டாம்.

மழையே இல்லாவிட்டால் 0 என்று எழுத வேண்டும். அளக்க மறந்திருந்தால் கட்டம் காலியாக இருக்க வேண்டும். ஊருக்குப் போய் வந்து இரண்டு நாள் தண்ணீரைச் சேர்த்து அளந்தால் "2 நாள்" என்று பக்கத்தில் எழுதட்டும். பாதியாகப் பிரித்து எழுதக் கூடாது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒவ்வொரு பெருமழைக்கும் ஒரு தெரு வரைபடத்தில் பன்னிரண்டு எண்களையும் போட்டுப் பாருங்கள். ஒரே வீடு எல்லா மழையிலும் குறைவாகவே காட்டினால் அது மழையின் போக்காக இருப்பதைவிட, அந்த வீட்டு வேப்பமரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.