எல்லாம் எழுதியும் பாதி மதிப்பெண் ஏன்?

உங்கள் மகளின் வரலாற்று விடைத்தாளைப் படித்தேன், அம்மா. இன்னொரு ட்யூஷன் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பாடம் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, கேள்வியின் கடைசிச் சொல்லைத்தான் கவனிக்கவில்லை.

‘வெர்சாய் உடன்படிக்கையே ஹிட்லரின் எழுச்சிக்குக் காரணம் என்ற கருத்தை மதிப்பிடுக’ என்பது கேள்வி. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றபின் 1919இல் உடன்படிக்கை கையெழுத்தானது, ஜெர்மன் படை ஒரு லட்சம் பேராகக் குறைக்கப்பட்டது, பெரும் இழப்பீடு சுமத்தப்பட்டது, மக்கள் கொதித்தார்கள் என்று வரிசையாக எழுதியிருக்கிறாள். ஒன்றும் தப்பில்லை. ஆனால் இது ‘விவரி’ என்று கேட்டிருந்தால் எழுத வேண்டிய விடை.

‘விவாதி’ என்று வந்திருந்தால் எதிர்ப்பக்கமும் வேண்டும். 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி, வேலையின்மை, அப்புறம் ஹிட்லரைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிய அரசியல்வாதிகள் என மற்ற காரணங்களையும் வைத்து, எது எதோடு மோதுகிறது என்று காட்டியிருக்க வேண்டும்.

‘மதிப்பிடு’ அதற்கும் ஒரு படி மேலே போகிறது. தீர்ப்பு சொல்ல வேண்டும், எதை வைத்துச் சொல்கிறோம் என்பதும் தெரிய வேண்டும். ஹிட்லரின் நாஜிக் கட்சி 1928 தேர்தலில் 3 சதவீத வாக்குகூட வாங்கவில்லை. 1932 ஜூலையில் சுமார் 37 சதவீதம். உடன்படிக்கை இரண்டு தேர்தலின்போதும் இருந்தது, இடையில் வந்தது பொருளாதார வீழ்ச்சி. ஆகவே உடன்படிக்கை கோபத்தை விதைத்தது, வாக்காக மாற்றியது நெருக்கடி என்று முடிக்கலாம். வேறு தீர்ப்பு சொன்னாலும் சரிதான், ஆதாரம் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

‘விமர்சனப் பார்வையில் பகுப்பாய்வு செய்’ என்பதைக் குறை சொல்லச் சொல்வதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். அது கருத்தைப் பிரித்துப் பார்க்கும் வேலை. அவமானம், அதனால் கோபம், அதனால் நாஜிகளுக்கு வாக்கு என்று மூன்று கண்ணிகள் இந்தக் கருத்துக்குள் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் சான்று உண்டு. மூன்றாவதைத்தான் 1928 முடிவு ஆட்டம் காண வைக்கிறது. ‘உடன்படிக்கையே’ என்பதில் உள்ள ஏகாரத்தையும் கேள்வி கேட்கலாம்.

அவளிடம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். எழுதும் முன், தன் முடிவை ஒரே வாக்கியமாக ஓரத்தில் குறிக்கட்டும். ஒவ்வொரு பத்தியும் அந்த வாக்கியத்துக்கு வலு சேர்க்கிறதா, தடை சொல்கிறதா என்று பார்க்கட்டும். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பத்தி வெறும் விவரிப்பு. தடை சொல்லும் பத்தியை அடித்துவிட வேண்டாம், அதற்குப் பதில் சொல்லும் இடத்தில்தான் கூடுதல் மதிப்பெண். ஒரு எச்சரிக்கை: ‘விவாதி’ கேள்விக்கும் முடிவுரை எதிர்பார்க்கும் தேர்வுகள் உண்டு. அவளுடைய தேர்வின் மதிப்பெண் வழிகாட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.