‘கல்நெஞ்சு’ உவமையா, உருவகமா?

*“‘போல’ வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம் என்றுதான் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ‘கல்நெஞ்சு’ என்பதில் ‘போல’ இல்லையே என்று அவள் உருவகம் என எழுதினாள். தவறு என்று அடித்துவிட்டார்கள். அப்படியானால் எதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது? நாம் தினமும் பேசுகிற பேச்சை வைத்தே சொல்லுங்களேன்.”*

அடித்தது சரிதான். கல்நெஞ்சு என்பது உவமை. விரித்துச் சொன்னால் ‘கல் போன்ற நெஞ்சு’. ‘போன்ற’ அங்கே மறைந்து நிற்கிறது, அவ்வளவுதான். இப்படி உருபு மறைந்து வந்தால் அதற்கு உவமைத்தொகை என்று பெயர். பானை வயிறு, தேன்குரல், பால் மனசு எல்லாம் இதே வகை.

‘போல’வைத் தேடுவதை விட்டுவிட்டு, முதலில் வேறொன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: நாம் பேசுவது எதைப் பற்றி, அதை விளக்க வெளியிலிருந்து கொண்டுவந்தது எது? கல்நெஞ்சில் பேச்சு நெஞ்சைப் பற்றியது. அதுதான் பொருள். கல் வெளியிலிருந்து வந்தது. அது உவமானம். இரண்டையும் பிரித்துவிட்டால் அடுத்து வரிசையைப் பார்க்க வேண்டும். உவமானம் முன்னே, பொருள் பின்னே என்றால் நடுவில் ‘போன்ற’ பொருந்தும், அது உவமை. பொருள் முன்னே, உவமானம் பின்னே என்றால் ‘போன்ற’ பொருந்தாது, ‘ஆகிய’தான் பொருந்தும், அது உருவகம்.

‘கடன் சுமை’ என்கிறோம். பேச்சு கடனைப் பற்றியது, சுமை வெளியிலிருந்து வந்தது. கடன் போன்ற சுமை என்று யாராவது விரிப்பார்களா? கடனாகிய சுமை. எனவே உருவகம். அன்பு மழை, வாழ்க்கைப் பயணம் இரண்டையும் இதே மாதிரி விரித்துப் பார்க்கலாம்.

வெறும் வரிசை எப்படி இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று மகள் கேட்டால், அது நல்ல கேள்வி. இந்த மாதிரித் தொடர்களில் கடைசிச் சொல்தான் தலை. பின்னால் வரும் வினை அதோடுதான் போய்ச் சேரும். ‘அந்தக் கல்நெஞ்சுக்குக்கூட இரக்கம் வந்துவிட்டது’ என்கிறோம். இரக்கம் வருவது நெஞ்சுக்கு. கல் ஓர் அடைமொழியாக ஒதுங்கி நிற்கிறது. நெஞ்சு நெஞ்சாகவே இருக்கிறது. ‘கடன் சுமையை இறக்கி வைத்தேன்’ என்று சொல்லும்போதோ இறக்கி வைப்பது சுமையை. கடன் தன் அடையாளத்தை விட்டுச் சுமையாகவே மாறிவிட்டது. இப்படி உவமானத்துக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள வேற்றுமையை ஒழித்து, இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வதுதான் உருவகம் என்று தண்டியலங்காரம் வரையறுக்கிறது. ஆகவே தொடரை மட்டும் பார்த்துக் குழம்பினால், அதை ஒரு வாக்கியத்தில் போட்டு, வினை யாரோடு ஒட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சில வினைகள் இரண்டோடும் ஒட்டும். ‘மலர்முகம் வாடியது’ என்றால் மலரும் வாடும், முகமும் வாடும். அங்கே வரிசைதான் கைகொடுக்கும்: மலர்முகம் உவமை, முகமலர் உருவகம்.

இந்தச் சோதனையில் வழுக்கும் இடங்கள் இரண்டு. ‘ஆகிய’ பொருந்தினாலே உருவகம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சாரைப்பாம்பு என்பதையும் ‘சாரையாகிய பாம்பு’ என்றுதான் விரிப்போம். ஆனால் சாரை உண்மையிலேயே பாம்புதான். இது இருபெயரொட்டுப் பண்புத்தொகை. கடன் உண்மையில் தலையில் தூக்கும் சுமை அல்ல. அந்த ‘உண்மையில் அல்ல’ என்பது இருந்தால்தான் உருவகம். இன்னொன்று ‘அறிவுப் பசி’ போன்றவை. அறிவாகிய பசி என்று விரித்தால் பொருள் கெட்டுவிடும். அறிவுக்கான பசி என்பதுதான் சரி. பசி என்ற சொல் இங்கே ஆர்வத்தைக் குறித்து வந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அறிவைப் பசியாக யாரும் உருவகிக்கவில்லை. இதை உருவகத்துக்கு எடுத்துக்காட்டாக எழுதவே வேண்டாம்.

சரி, தொடராக இல்லாமல் முழு வாக்கியமாக வந்தால்? அங்கே வேலை எளிது. ‘மாடு மாதிரி உழைக்கிறான்’, ‘குழந்தையாட்டம் அழுகிறான்’ இரண்டும் உவமை. நன்னூல் போல, ஒப்ப, அன்ன என்று பன்னிரண்டு உவம உருபுகளைச் சொல்லிவிட்டுப் ‘பிறவும்’ என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. நம் ‘மாதிரி’யும் ‘ஆட்ட’மும் அந்தப் பிறவுக்குள் தாராளமாக நுழையும். ‘அவன் கணக்கில் புலி’ என்றால் உருவகம். அவனும் புலியும் ஒன்றென்றே சொல்லியாகிவிட்டது. ‘புலி மாதிரி பாய்ந்தான்’ என்பதில் ஒப்புமை எங்கே என்று பாய்ச்சல் காட்டிக்கொடுக்கிறது. அதற்கு மேல் அவன் புலி இல்லை.

‘மாதிரி’யைப் பார்த்தவுடன் உவமை என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கும் பிழை. ‘மழை வருகிற மாதிரி இருக்கிறது’ என்பது ஓர் ஊகம். ‘சொன்ன மாதிரியே வந்துவிட்டான்’ என்பதில் ‘மாதிரி’க்கு ‘படி’ என்று பொருள். ‘அண்ணன் மாதிரியே தம்பியும் உயரம்’ என்றால் இருவரையும் அளந்து பார்த்துச் சொல்கிற நேரான ஒப்பீடு. ஒருவரை விளக்க இன்னொருவரை அணியாகக் கொண்டுவரவில்லை. ‘தம்பி பனைமரம் மாதிரி வளர்ந்துவிட்டான்’ என்று சொல்லிப் பாருங்கள். ஆளை விளக்க மரம் வந்துவிட்டது. அதுதான் உவமை.

கடைசியாக ஒன்று. தேர்வில் இது கேட்கப்பட்டால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் தடுமாறுவார்கள். காலையில் ஒரு தாய், ‘அந்தக் கழுதை இன்னும் எழுந்திருக்கவில்லையா?’ என்று கேட்கிறாள். இதில் ‘போன்ற’வையும் நுழைக்க முடியாது, ‘ஆகிய’வையும் நுழைக்க முடியாது. ஏனென்றால் பொருளே வாக்கியத்தில் இல்லை. மகனைக் குறிக்கக் கழுதை என்ற உவமானம் மட்டும் தனியாக வந்து நிற்கிறது. உவமானத்தின் பெயர் பொருளுக்கு ஆகி வந்ததால் இது உவமையாகுபெயர். ‘காளை வந்தான்’ என்று பாடநூல்களில் படிப்பதும் இதேதான். அதே தாய் ‘அவன் ஒரு கழுதை’ என்று சொல்லியிருந்தால் ‘அவன்’ என்ற பொருளும் பக்கத்தில் இருக்கிறது, எனவே உருவகம். ‘கழுதை மாதிரி கத்தாதே’ என்றால் உவமை. இந்த மூன்றையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கொடுத்து, பொருள் எந்த வாக்கியத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்று அடிக்கோடிடச் சொல்லுங்கள்.