குர்ஆனின் பகரா அத்தியாயம்: 286 வசனங்களும் ஒரே பேச்சா?

பசுவின் கதைதானே மையக் கரு? ‘பகரா’ என்ற பெயருக்கே பசு என்றுதானே பொருள்.

பெயர் அடையாளத்துக்கு வைத்தது. பசு நிகழ்ச்சி 67 முதல் 73 வரைதான். அதைக் கொண்டு வட்டி, கடன், மணவிலக்கு எல்லாவற்றையும் கோர்க்கப் பார்த்தால் இழுத்துக் கட்டியதாகத்தான் இருக்கும்.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொண்டு ஒருமை என்கிறார்கள்?

திரும்ப வரும் சொற்களை. 47, 48ஆம் வசனங்கள் ஏறக்குறைய அப்படியே 122, 123இல் வருகின்றன. இஸ்ரவேலர்களை நோக்கிய பேச்சு முடிகிறது என்பதற்கு இதுவே அடையாளம் என்பார்கள். சிறு மாற்றமும் உண்டு: 48இல் பரிந்துரை முன்னால், ஈடு பின்னால், 123இல் ஈடு முன்னால்.

உடனே 124இல் இப்ராஹீம் வருகிறார். இஸ்ரவேலர், அரபியர் என்ற இரு தரப்புக்கும் அவர் மூதாதை. அவர் கஅபாவை எழுப்புகிறார். 129இல், தம் சந்ததியில் ஒரு தூதரை அனுப்பும்படி வேண்டுகிறார்: வசனங்களை ஓதுவார், வேதமும் ஞானமும் கற்பிப்பார், தூய்மைப்படுத்துவார். அடுத்து கிப்லா மாற்றம், அதாவது தொழுகையில் நோக்கும் திசை மாறுவது. 151இல் அதே பணிகளோடு தூதர் வந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. வேண்டுதலுக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவில் கிப்லா நிற்பதால், அதற்குப் பின் வரும் சட்டங்கள் புதிய சமுதாயத்துக்கானவை என்று படிக்க வழி கிடைக்கிறது. வாதத்திலேயே வலுவான இடம் இதுதான்.

143ஆம் வசனம் ‘நடுநிலைச் சமுதாயம்’ என்கிறது. 286இல் சரிபாதி 143! இதைவிட என்ன சான்று வேண்டும்?

கிப்லா பகுதி நடுவில் இருப்பது உண்மை. எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 286 என்பது கூஃபா நகரத்து அறிஞர்கள் வசனங்களைப் பிரித்து எண்ணிய எண்ணிக்கை. பஸ்ராவில் 287, மதீனாவில் 285. தொடக்கத்து ‘அலிஃப் லாம் மீம்’ கூஃபாவில்தான் தனி வசனம். அதை விட்டாலே பின்னுள்ள எண்கள் நகர்ந்துவிடும்.

வகுப்பெடுக்கிறேன். மணவிலக்குச் சட்டத்துக்கு நடுவே 238, 239இல் தொழுகை வருகிறதே, மாணவர்களுக்கு என்ன சொல்வது?

இரண்டு விளக்கங்கள் உண்டு. வழக்கும் மனக்கசப்பும் மிகுந்த இடத்தில் இறைநினைவு தேவை என்பது ஒன்று. 153இல் ‘பொறுமை, தொழுகை’ என்று திறந்த பகுதி தொழுகையிலேயே மூடுகிறது என்பது மற்றொன்று. முதலாவது எந்தச் சட்டத்தின் நடுவிலும் பொருந்தும், ஆகவே மெலிது. இரண்டாவது இந்த இடத்தையே குறிக்கிறது. ஆனால் விதவை, மணவிலக்குப் பற்றிய 240–242 வேலிக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அவற்றைப் பிற்சேர்க்கை விளக்கம் என்றுதான் சமாளிக்க வேண்டும். இரண்டையும் அவற்றின் குறையோடு சொல்லிக்கொடுங்கள்.

குர்ஆன் விரிவுரையாளர் ஷவ்கானி இந்த முயற்சியையே கண்டித்தாரே. பல ஆண்டுகளில், வெவ்வேறு நிகழ்ச்சிகளுக்காக இறங்கியவற்றில் தொடர்பு தேடுவானேன்?

இறங்கிய வரிசை வேறு, தொகுத்த வரிசை வேறு என்பதே வசனத் தொடர்பை வலியுறுத்திய பிகாயீ போன்ற விரிவுரையாளர்கள் தரப்பின் பதில். தொகுப்பு இறை வழிகாட்டலில் நடந்தது என்று ஏற்பவருக்கு அது செல்லும். ஏற்காதவரிடம் 47, 122 போன்ற தடயங்களைத்தான் காட்ட முடியும். அவை பெரும் பகுதிகளின் எல்லையைக் காட்டுமே தவிர, ஒவ்வொரு வசனத்தையும் அடுத்ததோடு பிணைக்கா. அங்கே ஷவ்கானியின் கண்டனம் இன்னும் உறைக்கத்தான் செய்கிறது.