தாகம் இல்லை என்றாலும் தண்ணீர் குறைந்திருக்கலாம்

கேள்வி: என் கணவருக்கு 42 வயது. விடிய 4 மணிக்கு என்ஜின் போட்டில் போனால் பகல் 2 மணிக்குத்தான் கரைக்கு வருவார். கச்சான் காத்து தொடங்கினதில் இருந்து இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது. பார்மசியில் வலிக்குளிசை வாங்கிப் போடுகிறார். கீழ் உதடும் கழுத்தும் தோல் உரியுது. கொண்டுபோற ஒரு போத்தல் தண்ணியும் மிஞ்சி வருது, தாகமே இல்லையாம். என்ன செய்யலாம்?
- வாசகி, கல்லடி

பதில்: முதலில் அது என்ன குளிசை என்று பாருங்கள். டிக்ளோபெனாக், இபுபுரோபன் என்று இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது அவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை இன்னும் குறைத்துவிடும். எனக்கு இழுப்பை விட அந்தக் குளிசைதான் பயமாக இருக்கிறது.

இழுப்புக்குப் பெரும்பாலும் காரணம் வியர்வையோடு போன தண்ணீரும் உப்பும்தான். கடற்காற்று வியர்வையை உடனே காயவைத்துவிடுவதால் வியர்த்ததே அவருக்குத் தெரிவதில்லை. கழற்றிப் போடும் சேட்டின் முதுகைப் பாருங்கள், வெள்ளையாக உப்புக் கோடு இருக்கும். கரைக்கு வந்ததும் சிறுநீரின் நிறத்தையும் அவரே பார்க்கட்டும். பிளேன்டீ நிறத்தில், கொஞ்சமாகப் போனால் தண்ணீர் போதவில்லை.

வெயிலில் வலை இழுக்கும் ஆளுக்கு ஒரு மணித்தியாலத்தில் அரை லீட்டரில் இருந்து ஒரு லீட்டர் வரை வியர்க்கும். அதனால் 5 லீட்டர் கேன் ஒன்று வேண்டும். சூடாகிவிட்டால் குடிக்க மனம் வராது, ஈரச் சாக்கால் சுற்றி நிழலில் வையுங்கள். வெயில் ஏறியதும் தாகத்தைப் பார்க்காமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கப் குடிக்கட்டும். வெறும் தண்ணீர் உப்பை ஈடுசெய்யாது. உப்புப் போட்ட பழஞ்சோறோ மோரோ கட்டிக்கொடுங்கள். இழுப்பு வந்த நாளில் ஜீவனி ஒரு பக்கெட்டைச் சரியாக ஒரு லீட்டர் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பிரஷருக்கு மருந்து எடுப்பவர் என்றால் உப்பைக் கூட்டுவதற்கு முன் கிளினிக்கில் கேளுங்கள்.

உதடு உரிவதற்குக் காரணம், வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கிறது. முன்பக்கம் மட்டும் விளிம்புள்ள தொப்பி அதைத் தடுக்காது. சுற்றிவர விளிம்புள்ள தொப்பி, கழுத்தையும் வாயையும் மூடிய துணி, நெருக்கமாக நெய்த நீளக்கைச் சேட்டு மூன்றும் வேண்டும். நைந்த பழைய சேட்டு நனைந்தால் வெயிலை உள்ளே விடும். உதட்டுப் புண் மூன்று கிழமையாகியும் ஆறாவிட்டால் காட்டுங்கள்.

அப்புறம், இதை அவரோடு போகிறவருக்கும் சொல்லிவையுங்கள். கடலில் யாராவது பேச்சுக் குழறி, தள்ளாடி, வலிப்பு வந்தால் அது வெப்ப அதிர்ச்சி. பனடோல் அதற்கு உதவாது. சேட்டைக் கழற்றி, கடல் தண்ணீரை வாளியால் மொண்டு தலை, கழுத்து, உடம்பு எங்கும் விடாமல் ஊற்ற வேண்டும். காற்றும் பட்டால் சூடு வேகமாக இறங்கும். மயக்கத்தில் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. போட்டைத் திருப்பிக்கொண்டே 1990க்கு அழைத்தால், கரை சேரும்போது அம்புலன்ஸ் வந்து நிற்கும்.