நுரையீரல் பிரஷர் கூடியிருந்தால் இதய மாற்றா, பம்பா?

கேள்வி: அண்ணனுக்கு 46 வயது. உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம். இதயத் தசை தளர்ந்து, ஒரு துடிப்பில் ரத்தம் வெளியேறும் சதவீதமான ஈ.எஃப். 18-தான் இருக்கிறது. ஆறு மாதத்தில் மூன்று தடவை அட்மிட் ஆகிவிட்டார். சென்னையில் இதயத்துக்குள் குழாய் விட்டு அழுத்தம் அளக்கும் கேத் சோதனை செய்து பார்த்துவிட்டு, "நுரையீரல் பிரஷர் அதிகம், இப்போது இதயம் மாற்ற முடியாது, பம்பு வைக்கலாம்" என்கிறார்கள். ரிப்போர்ட்டில் நுரையீரல் தமனி சராசரி 42, வெட்ஜ் 24, வலது ஏட்ரியம் 10, கார்டியாக் அவுட்புட் 3.2 என்று இருக்கிறது. பம்பு வைத்தே ஆக வேண்டுமா? கிராமத்து வீட்டில் அதைச் சமாளிக்க முடியுமா? இதயம் மாற்றினால் மறுபடி வயலில் இறங்கலாமா?

பதில்: அந்த நான்கு எண்களிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நுரையீரல் தமனியின் 42-லிருந்து, இதயத்தின் இடது பக்க அழுத்தத்தைக் காட்டும் வெட்ஜ் 24-ஐக் கழியுங்கள், 18. அதை, இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பதைச் சொல்லும் கார்டியாக் அவுட்புட் 3.2-ஆல் வகுத்தால் 5.6. நுரையீரலுக்குள் ரத்தம் போவதற்கு அங்குள்ள குழாய்கள் காட்டும் எதிர்ப்பு இது. வுட் யூனிட் என்ற அலகில் சொல்வார்கள். 3-க்குள் இருந்தால் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் மருந்து கொடுத்து இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். 5-க்கு மேல் போய், மருந்துக்கும் இறங்கவில்லை என்றால் பெரும்பாலான மையங்கள் இதய மாற்றுக்குப் பெயர் பதிய மாட்டார்கள்.

காரணம், தானமாக வரும் இதயத்தின் வலது பக்கம். அண்ணனுடைய இதயத்தில் இடது பக்கம் தளர்ந்து, ரத்தம் நுரையீரலில் தேங்கி, அங்குள்ள குழாய்கள் மெல்ல இறுகியிருக்கின்றன. அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள அவருடைய வலது அறை நாளடைவில் பழகிக்கொண்டது. ஆரோக்கியமான ஒருவரிடமிருந்து எடுத்த இதயமோ 15, 20-க்கு மேல் பார்த்ததே இல்லை. அதுவும் எடுத்ததிலிருந்து சுமார் நான்கு மணி நேரம் வரை குளிரில் துடிக்காமல் இருந்துவிட்டு வருகிறது. வந்தவுடன் 42-ஐ எதிர்த்துத் தள்ளச் சொன்னால் வலது அறை வீங்கி, அறுவை சிகிச்சை முடிந்த சில மணி நேரத்திலேயே கைவிட்டுவிடும். ஆகவே "இப்போது முடியாது" என்று சொன்னதில் தவறில்லை. அதிலிருந்து நேராகப் பம்புக்குப் போவதற்கு முன் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: கேத் செய்தபோது மருந்து கொடுத்து மறுபடி அளந்தார்களா?

இந்த 5.6-இல் ஒரு பங்கு தேக்கத்தால் வந்தது, அது இறங்கும். இன்னொரு பங்கு குழாய்ச் சுவரே தடித்ததால் வந்தது. அது லேசில் இறங்காது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, கேத் மேசையிலேயே நைட்ரோபுருசைடோ மில்ரினோனோ ஏற்றி மறுபடி அளப்பார்கள். உதாரணமாக, மருந்து ஏறிய பின் சராசரி 29, வெட்ஜ் 17, அவுட்புட் 4.8 என்று வந்தால் 12-ஐ 4.8-ஆல் வகுத்து 2.5. மேல் ரத்த அழுத்தமும் 85-க்குக் குறையாமல் நின்றிருந்தால், பம்பு இல்லாமலே பட்டியலில் சேர்க்கலாம். அதுவே சராசரி 38, வெட்ஜ் 22, அவுட்புட் 3.6 என்று நின்றுவிட்டால் 4.4 வருகிறது, போதாது. எதிர்ப்பு இறங்கினாலும் கூடவே பி.பி.-யும் 80-க்கு விழுந்துவிட்டால் அந்த இறக்கத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். முதல் தடவை இறங்காதவர்களைச் சில நாள் ட்ரிப்பில் வைத்து, நீரை நன்றாக வடித்து, மறுபடி கேத் செய்வதும் உண்டு. ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். மருந்துக்குப் பிந்திய அளவு அங்கே இல்லையென்றால் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மருந்துக்கு இறங்கவில்லை என்றால் பம்பு சரியான யோசனைதான். எல்.வி.ஏ.டி. என்பது இடது அறையின் நுனியில் பொருத்தும் கருவி. இடது அறையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி, நேரே மகாதமனிக்குள் விடும். இப்போது பரவலாக வைக்கும் ஹார்ட்மேட் 3-இல் சுழலும் பகுதி காந்தத்தால் எதிலும் உரசாமல் மிதக்கிறது. அதனால் பழைய பம்புகளைவிட உள்ளே ரத்தம் உறைவது வெகுவாகக் குறைந்துவிட்டது. தேக்கம் வடிந்தபின் மூன்று முதல் ஆறு மாதத்தில் நுரையீரல் எதிர்ப்பு பலருக்கு 3-க்குக் கீழே வந்துவிடுகிறது. அப்போது மறுபடி கேத் செய்து, மாற்றுக்குப் பெயர் பதிவார்கள். ஆனால் இந்தப் பம்பு இடது பக்கத்துக்கு மட்டுமே. அதற்கு ரத்தம் கொண்டுவந்து கொடுக்க வேண்டியது அண்ணனுடைய சொந்த வலது அறை. வலது ஏட்ரிய அழுத்தத்தை வெட்ஜால் வகுத்தால் அதன் தெம்பு ஓரளவு தெரியும்: 10-ஐ 24-ஆல் வகுத்தால் 0.42. 0.63-ஐத் தாண்டினால்தான் பயப்பட வேண்டும். இந்த அளவில் அண்ணனுக்கு நல்ல இடம். எக்கோவும் அதையே சொல்ல வேண்டும்.

மாற்றோ பம்போ, மற்றத் தகுதிகளில் பெரிய வேறுபாடு இல்லை. ஆறு மாதமாகப் பீடியோ வாயில் அடக்கும் புகையிலையோ மதுவோ இருக்கக் கூடாது. சிறுநீரகமும் கல்லீரலும் மீளாத அளவுக்குக் கெட்டிருக்கக் கூடாது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, அண்மையில் வந்த புற்றுநோய், ஆறாத காசநோய் இவையெல்லாம் தடை. சொத்தைப் பல்லை இப்போதே பிடுங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் அதற்காக நிற்க வேண்டாம். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள, படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் வீட்டில் வேண்டும். இதை ஒப்புக்குக் கேட்பதாக நினைக்காதீர்கள். பம்பு வைத்தபின் ஆள் பிழைப்பது அவரை நம்பித்தான்.

பம்பிலிருந்து ஓர் ஒயர் வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வந்து, இடுப்பில் கட்டியிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சேரும். பெட்டிக்கு இரண்டு பேட்டரி. புதிய ஜோடி 17 மணி நேரம் வரை தாங்கும். பழசாகப் பழசாகக் குறையும். தூங்கும்போது சுவர் மின்சாரத்தில் மாட்டுவார்கள். உங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பென்று காலையில் நிறுத்திய கரண்ட் சாயந்தரம்தான் வரும். அன்றைக்குப் பேட்டரி எல்லாம் முன்னிரவே சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். எர்த் சரியாக உள்ள தனி மூன்று பின் பிளக் பாயின்ட் போட்டு, இன்வெர்ட்டரும் வைத்துவிடுங்கள். பேட்டரி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டிய பின்தான் அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பெட்டிக்குள் இருக்கும் சிறு பேட்டரி சுமார் கால் மணி நேரம் காப்பாற்றும், அவ்வளவுதான்.

தொல்லை அதிகம் வருவது ஒயர் வெளியே வரும் துளையில்தான். ஒயர் எங்காவது மாட்டி ஒரு தடவை வெடுக்கென்று இழுபட்டாலே உள்ளே ஒட்டிய சதை பிரிந்துவிடும், கிருமி ஏற அதுவே வழி. ஆகவே ஒயரை வயிற்றோடு பட்டை போட்டு அசையாமல் ஒட்டி வைக்க வேண்டும். சிவப்பு, கசிவு, வலி எது தெரிந்தாலும் படம் எடுத்து அன்றைக்கே மையத்துக்கு அனுப்புங்கள். கிணறு, கண்மாய்க் குளியல் பம்பு இருக்கும்வரை கிடையாது.

அடுத்தது ரத்தம். உறையாமலிருக்க வார்ஃபரின் தொடர்ந்து போக வேண்டும், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் குடலிலோ மூளையிலோ கசிவு, குறைந்தால் பக்கவாதம். மலம் தார்போலக் கறுப்பாகப் போனால் காத்திருக்காதீர்கள். திரையில் ஓட்டம் குறைவு என்று அலாரம் அடித்தால், எங்கள் வெயிலில் முதலில் சந்தேகிக்க வேண்டியது நீர்ச்சத்துக் குறைவு. இத்தனை வருடம் "தண்ணீரைக் குறை" என்று கேட்டே பழகியவர்கள் பம்பு வந்த பிறகும் குடிக்கப் பயப்படுகிறார்கள். பி.பி. ஏறினாலும் இதே அலாரம் வரும். அதனால் நீங்களாகத் தண்ணீர் கொடுத்துப் பார்க்காமல், போனில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இன்னொன்று, பம்பு உள்ளவருக்கு நாடி பல நேரம் கைக்குத் தட்டுப்படாது. 108-இல் வருபவர் பதறிவிடாமலிருக்க, பம்பு பெயரும் மைய எண்ணும் எழுதிய அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

செலவையும் சொல்லிவிட வேண்டும். கருவியின் விலையே பல பத்து லட்சம். உறுப்பு மாற்றுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டு. உங்கள் மையத்தில் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைக் காப்பீட்டுப் பிரிவிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பம்பு வைத்தவர்களில் ஐந்து ஆண்டு தாண்டுவோர் நூற்றுக்கு அறுபது பேருக்குச் சற்றுக் குறைவு. இதயம் மாற்றியவர்களில் பாதிப் பேர் 12 ஆண்டுக்கு மேல் இருக்கிறார்கள். 46 வயதில் மாற்றுக்கு வழி திறந்தால் அதையே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து. பெயர் பதிவதும் ஒதுக்குவதும் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் வழியாக, மருத்துவமனை மூலமே நடக்கும். ரத்தப் பிரிவும் உடல் அளவும் பொருந்த வேண்டும். ஓ பிரிவுக்காரர்கள் அதிக நாள் காத்திருக்க நேரும். அழைப்பு வந்த பிறகு மதுரையிலிருந்து கிளம்பினால் நேரம் போதாது என்பதால், சென்னையில் அறை எடுத்துத் தங்கச் சொல்வார்கள்.

இனி வயல். மாற்றிய பின் உடல் புதிய இதயத்தை எதிர்க்காமலிருக்க டக்ரோலிமஸ், மைக்கோஃபெனலேட், ஸ்டீராய்டு மூன்றும் போகும். எதிர்ப்புச் சக்தியை வேண்டுமென்றே இறக்கி வைப்பதால், மண்ணிலும் சாணத்திலும் மக்கிய வைக்கோலிலும் இருக்கும் பூஞ்சையும் நோகார்டியா போன்ற கிருமிகளும் அண்ணனை எளிதில் பிடிக்கும். முள் குத்திய காலில் வரும் புண்ணுக்கு உலகம் முழுக்க "மதுரைக் கால்" என்று பெயர் வைத்ததே நம் ஊரை வைத்துத்தான். அதன் காரணங்களில் நோகார்டியாவும் ஒன்று. முதல் ஆண்டு வயலில் இறங்கவே வேண்டாம். அதன் பிறகு மூடிய காலணி, கையுறை, முகக்கவசத்தோடு வரப்பில் நின்று வேலை வாங்கலாம், இலகுவான வேலை செய்யலாம். எருக்குழி, வைக்கோல் படப்பு, புறாக்கூண்டு மூன்றும் எப்போதும் மற்றவர் வேலை. கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். கடை ஜிகர்தண்டாவை முதல் ஆண்டு மறந்துவிட வேண்டியதுதான். பாலைவிட ஐஸ்தான் பயம்.

டக்ரோலிமஸை 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையை விழுங்காமல் போய், ரத்தம் கொடுத்த பின் போடுங்கள்; முன்னே போட்டுவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டி, மருந்தைத் தப்பாகக் குறைத்துவிடுவார்கள். பம்பளிமாஸ் பழம் இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கை நடுங்கும், சிறுநீரகம் கெடும். கிளாரித்ரோமைசின், ஃபுளுகோனசோல் மாத்திரைகளும் அப்படியே. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இதற்கு நேரெதிர். அளவை இறக்கிவிடும், இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், "சக்தி கூட" சீந்தில் பொடி இரண்டும் வேண்டாம். ஊர் மெடிக்கலில் எது வாங்கினாலும் மையத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நிராகரிப்பு தொடக்கத்தில் வெளியே தெரியாது. அதனால்தான் முதல் மாதம் வாரம் ஒரு தடவை, பிறகு இடைவெளி விட்டு, கழுத்து ரத்தக் குழாய் வழியாக இதயத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். முதல் ஆண்டில் பத்துக்கு மேல் வரலாம். புதிய இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால் ஓய்விலும் துடிப்பு 90 முதல் 110 வரை ஓடும், பயப்பட வேண்டாம். வேலை தொடங்கினால் துடிப்பு மெதுவாகத்தான் ஏறும்; பத்து நிமிடம் நடந்து சூடேற்றிவிட்டு மண்வெட்டியை எடுக்க வேண்டும். அதே காரணத்தால் பிற்பாடு இதயக் குழாய் அடைத்தாலும் பெரும்பாலும் நெஞ்சு வலிக்காது. வலி இல்லையே என்று வருடாந்திர ஆஞ்சியோவைத் தள்ளிப்போடாதீர்கள். மூச்சு வாங்குவது, காலில் வீக்கம், இரண்டு நாளில் இரண்டு கிலோ எடை ஏற்றம், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மையத்துக்குப் போன் செய்ய வேண்டும்.